ஒரு மணி வயர்மேனுக்கு எத்தனை மணி ஹெல்பர்? கூலியில் கலவை மாறுபாடும் விளைவு மாறுபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறன் மாறுபாடு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே, அதை ஏன் மறுபடி கலவை, விளைவு என்று உடைக்க வேண்டும்?

வந்த வேலைக்கு ஆகியிருக்க வேண்டிய நேரத்துக்கும் உண்மையில் ஆன நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் கூலி மதிப்புதான் திறன் மாறுபாடு. அந்த ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. வேலைக்கு யாரை எந்த விகிதத்தில் நிறுத்தினோம் என்பது ஒன்று. நிறுத்திய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த நேரத்துக்கு எவ்வளவு வேலை வெளியே வந்தது என்பது மற்றொன்று. முதலாவது கலவை மாறுபாடு, இரண்டாவது விளைவு மாறுபாடு. இரண்டையும் கூட்டினால் பழைய திறன் மாறுபாடு அப்படியே கிடைக்கும்.

ஒரே குழுவில் திறனுள்ளவர் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் திறன் குறைந்தவரும் செய்ய முடியும் என்றால் மட்டுமே இப்படி உடைப்பதில் பொருள் உண்டு. மின் கட்டுப்பாட்டுப் பேனல் கட்டும் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். வயரை அளந்து வெட்டுவது, முனையைச் சீவுவது, லக் வைத்து கிரிம்ப் செய்வது, எண் போட்ட ஃபெரூல் மாட்டுவது ஆகியவற்றை வயர்மேனும் செய்வார், பழகிய ஹெல்பரும் செய்வார். வரைபடத்தைப் பார்த்து டெர்மினலில் இணைப்பதும் சோதிப்பதும் வயர்மேனின் வேலை. ஆக, நடுவில் இருக்கும் அந்தப் பொது வேலையை யார் கையில் கொடுப்பது என்பது மேற்பார்வையாளர் தினமும் எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்கு எவ்வளவு மிச்சம், எவ்வளவு நட்டம் என்று தனியாகப் பார்க்கத்தான் இந்தப் பிரிப்பு.

சில பாடநூல்களில் கலவை மாறுபாட்டைக் குழு அமைப்பு மாறுபாடு, கேங் மாறுபாடு என்றும் எழுதியிருக்கும். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே.

எண்களோடு ஒரு முறை காட்டுங்கள். சூத்திரத்தை மட்டும் பார்த்தால் தலை சுற்றுகிறது.

அதே பேனல் குழுவையே வைத்துக்கொள்வோம். எண்கள் நான் எளிமைக்காக அமைத்தவை. நாணயத்தை நான் குறிக்கவில்லை. எதை நினைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது.

ஒரு பேனலுக்கு நியமம், அதாவது ஸ்டாண்டர்டு: வயர்மேன் 6 மணி நேரம், மணிக்கு 200. ஹெல்பர் 4 மணி நேரம், மணிக்கு 100. ஆக 10 மணி நேரம், கூலி 1,600. சராசரியாக ஒரு மணிக்கு 160. இந்த 160-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு மாதத்தில் 100 பேனல் முடிந்தது. அதற்கான நியம நேரமும் உண்மையில் ஆனதும் இப்படி:

| | நியம நேரம் | நியம வீதம் | உண்மை நேரம் | உண்மை வீதம் |
|---|---|---|---|---|
| வயர்மேன் | 600 | 200 | 480 | 210 |
| ஹெல்பர் | 400 | 100 | 600 | 95 |
| மொத்தம் | 1,000 | | 1,080 | |

நியமக் கூலி 1,60,000. கொடுத்த கூலி 1,57,800. மொத்தத்தில் 2,200 சாதகம். இதில் கூலி வீதத்தால் வந்ததை முதலில் கழற்றிவிடலாம்: வயர்மேனுக்கு மணிக்கு 10 கூடுதலாகக் கொடுத்ததில் 4,800 பாதகம், ஹெல்பருக்கு 5 குறைவாகக் கொடுத்ததில் 3,000 சாதகம், நிகரம் 1,800 பாதகம். மீதி 4,000 சாதகம்தான் திறன் மாறுபாடு.

இந்த 4,000-ஐ உடைக்க ஒரு கற்பனைக் கேள்வி கேட்கிறோம். அதே 1,080 மணி நேரம் நியமப்படி 6-க்கு 4 என்ற விகிதத்திலேயே பிரிந்திருந்தால்? வயர்மேன் 648, ஹெல்பர் 432 என்று இருந்திருக்கும். உண்மையில் 480-ம் 600-ம் ஆனது. வயர்மேனில் 168 மணி நேரம் குறைவு, மணிக்கு 200 வீதம் 33,600 சாதகம். ஹெல்பரில் அதே 168 மணி நேரம் கூடுதல், மணிக்கு 100 வீதம் 16,800 பாதகம். நிகரம் 16,800 சாதகம். இதுதான் கலவை மாறுபாடு.

அடுத்து, விகிதத்தை மறந்துவிட்டு மொத்த நேரத்தை மட்டும் பாருங்கள். 100 பேனலுக்கு 1,000 மணி நேரம் போதும், 1,080 ஆகியிருக்கிறது. கூடுதல் 80 மணி நேரத்தைச் சராசரி 160-ஆல் பெருக்கினால் 12,800 பாதகம். இதுதான் விளைவு மாறுபாடு. 16,800-இல் 12,800 போக 4,000. கணக்கு ஒட்டிவிட்டது.

விளைவு என்றால் வெளிவந்த பொருளைத்தானே சொல்ல வேண்டும்? நீங்கள் மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறீர்களே?

எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே எண்தான் வரும். 1,080 மணி நேரம் உழைத்தால் நியமப்படி 108 பேனல் வந்திருக்க வேண்டும். வந்தது 100. எட்டுப் பேனல் குறைவு, ஒன்றுக்கு 1,600 வீதம் 12,800. மேலாளர்களிடம் பேசும்போது நான் இந்த வடிவத்தில்தான் சொல்வேன். "80 மணி நேரம் கூடுதலாகிவிட்டது" என்றால் தலையாட்டுவார்கள், "எட்டுப் பேனல் எங்கே போயிற்று?" என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஹெல்பர் வரிசையில் 16,800 பாதகம் என்று வருகிறதே, ஹெல்பர்கள் ஏதாவது தப்பு செய்தார்களா?

இல்லை. இது வரிசை வரிசையாகக் கணக்கிடும் முறை உண்டாக்கும் தோற்றம். இதை நம்பி ஹெல்பர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்ட மேற்பார்வையாளரை நானே பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களுக்கு எதற்குத் திட்டு விழுகிறது என்றே புரியவில்லை.

மொத்தம் மாறாதபோது ஒருவரின் நேரம் குறைந்தால் மற்றவரின் நேரம் அதே அளவு கூடியே ஆகும். அந்தக் கூடுதலுக்குப் "பாதகம்" என்று பெயர் வைப்பது வெறும் கணக்குச் சொல். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் இன்னொரு முறை இருக்கிறது. ஒவ்வொருவரின் வீதத்தையும் சராசரி 160-உடன் ஒப்பிடுங்கள். வயர்மேன் சராசரியைவிட 40 அதிகம் வாங்குபவர். அவர் நேரம் 168 குறைந்ததால் 6,720 சாதகம். ஹெல்பர் சராசரியைவிட 60 குறைவாக வாங்குபவர். அவர் நேரம் 168 கூடியதால் 10,080 சாதகம். கூட்டினால் அதே 16,800. இப்போது இரண்டு வரிசையும் சரியான சேதியைச் சொல்கின்றன: விலை கூடிய உழைப்பைக் குறைத்ததும் சாதகம், விலை குறைந்த உழைப்பைக் கூட்டியதும் சாதகம்.

தேர்வில் கேட்டால் பாடத்திட்டம் சொல்லும் முறையில் எழுதுங்கள். ஆலைக்குள் அறிக்கை கொடுப்பதாக இருந்தால் சராசரி முறை, அல்லது வரிசைகளே இல்லாமல் மொத்தம் மட்டும்.

கலவை மாறுபாடு சாதகமாக வந்தால் நல்லதுதானே? ஏன் எல்லாரும் அதைச் சந்தேகமாகவே பார்க்கிறார்கள்?

மலிவான ஆளின் விகிதத்தைக் கூட்டினால் கலவை மாறுபாடு எப்போதுமே சாதகமாகத்தான் வரும். வேலை நன்றாக நடந்ததா, நாசமாய்ப் போனதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. இரண்டே தரம் உள்ள குழுவில் அந்த எண் எப்படி உருவாகிறது என்று பாருங்கள்: இடம் மாறிய 168 மணி நேரம், பெருக்கல் இரண்டு வீதங்களுக்கும் உள்ள வித்தியாசம் 100. அவ்வளவுதான். வெளிவந்த பேனல்களின் எண்ணிக்கை இந்தக் கணக்குக்குள் நுழையவே இல்லை.

கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். மேற்பார்வையாளர் உற்சாகமாகி, வயர்மேன் நேரத்தை இன்னும் 60 குறைத்து 420 ஆக்குகிறார். வேலையை ஈடுகட்ட ஹெல்பர் நேரம் 160 கூடி 760 ஆகிறது. பேனல் அதே 100. மொத்த நேரம் 1,180. நியம விகிதப்படி வயர்மேன் 708 இருந்திருக்க வேண்டும். 288 மணி நேரம் இடம் மாறியிருக்கிறது. கலவை மாறுபாடு 28,800 சாதகம்! முந்தைய 16,800-ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் கூடுதல் நேரம் 180, அதற்கு விளைவு மாறுபாடு 28,800 பாதகம். நிகரம் பூஜ்யம்.

முதல் மாற்றத்தில் கிடைத்த 4,000 மிச்சம் இரண்டாவது மாற்றத்தில் காணாமல் போய்விட்டது. கலவை மாறுபாடு மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டே நிற்கிறது. ஆகவே இவை இரண்டையும் இரண்டு தனி மதிப்பெண்களாகப் பார்க்கக் கூடாது. ஒன்று மற்றொன்றின் விலை.

அப்படியானால் ஹெல்பரை எதுவரைக்கும் கூட்டலாம்? அதற்கு ஏதாவது எல்லைக்கோடு உண்டா?

உண்டு. அது மாறுபாட்டு அறிக்கையில் நேரடியாக இருக்காது, நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒரு மணி வயர்மேன் நேரத்தை எடுத்தால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை மணி ஹெல்பர் நேரம் ஆகிறது என்று கேளுங்கள். இதை மாற்று விகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாற்றத்தில் வயர்மேன் நேரம் 600-இலிருந்து 480 ஆனது, 120 மிச்சம். ஹெல்பர் நேரம் 400-இலிருந்து 600 ஆனது, 200 கூடுதல். ஒரு மணிக்கு ஏறத்தாழ 1.67 மணி. கூலி விகிதமோ 200-க்கு 100, அதாவது 2. ஒரு வயர்மேன் மணிக்குக் கொடுக்கும் காசில் 2 ஹெல்பர் மணி வாங்கலாம்; வேலைக்குத் தேவைப்பட்டது 1.67 தான். மிச்சம் அங்கிருந்துதான் வந்தது. இரண்டாவது மாற்றத்தில் 60 மணியை எடுக்க 160 மணி ஆனது, ஒன்றுக்கு 2.67. இரண்டைத் தாண்டிவிட்டது, நட்டம். இரண்டு மாற்றங்களையும் சேர்த்தால் 180-க்கு 360, சரியாக 2. அதனால்தான் நிகரம் பூஜ்யமாக நின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது, விகிதம் ஒரே சீராக இருப்பதில்லை. முதலில் கொடுப்பது வெட்டுவது, சீவுவது போன்ற எளிய வேலைகள். அதில் ஹெல்பர் கிட்டத்தட்ட வயர்மேனுக்குச் சமம். போகப் போகக் கடினமான வேலை கைமாறும், விகிதம் ஏறும். ஆகவே மொத்தச் சராசரியைப் பார்க்காமல் கடைசியாகச் செய்த மாற்றத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். முழு மாதத்தையும் சேர்த்துப் பார்த்து "இன்னும் லாபத்தில்தான் இருக்கிறோம்" என்று சொல்பவர் எல்லைக்கோட்டை எப்போதோ தாண்டியிருக்கக் கூடும்.

எல்லையை முடிவு செய்யும்போது நியம வீதத்தைவிட இன்று கொடுக்கும் வீதமே சரி. இந்த எடுத்துக்காட்டில் 210-க்கு 95, அதாவது சுமார் 2.2. இரண்டாவது மாற்றம் இந்தக் கணக்கிலும் தேறாது.

அந்த 80 மணி நேரம் எங்கே போயிற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பெஞ்ச் அருகே ஒரு காலைப்பொழுது நின்றால் தெரிந்துவிடும்.

ஃபெரூலை எடுத்துக்கொள்ளுங்கள். வயர் முனையில் மாட்டும் சின்ன எண் வளையம். 16 என்ற எண்ணைத் தலைகீழாக மாட்டினால் அது 91 ஆகிவிடும். 6-க்கும் 9-க்கும் அதே கதை. எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்று பழக்கப்படாத கை இதைத் தினமும் செய்யும். வயர்மேன் இணைக்க வரும்போது 91 என்ற வயர் வரைபடத்தில் இல்லை. அல்லது, அதைவிட மோசம், இருக்கிறது. அவர் வயரின் மறுமுனையைத் தேடிப் போய், மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து, வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு வருவார். கிரிம்ப் தளர்ந்திருந்தால் இழுத்துப் பார்க்கும்போதே லக் கையோடு வரும். வெட்டி, சீவி, மறுபடி முதலிலிருந்து.

இதில் ஹெல்பரின் நேரம் வீணானது சிறிது. வயர்மேனின் நேரம் வீணானதுதான் பெரிது. நேர அட்டையிலோ அது "வயரிங்" என்றே பதிவாகியிருக்கும். ஆகவே வயர்மேன் நேரம் 480 என்பதற்குள்ளேயே திருத்த வேலை ஒரு பங்கு இருக்கிறது. திருத்தத்துக்கு என்று தனிக் குறியீடு ஒன்றை அட்டையில் சேர்த்துவிட்டால் பாதிப் பதில் தானாக வரும்.

இன்னொரு இடம், காத்திருப்பு. மூன்று ஹெல்பருக்கு ஒரு வயர்மேன் என்று நிறுத்தினால், அடுத்து எதை வெட்டுவது என்று கேட்க ஹெல்பர்கள் வரிசையில் நிற்பார்கள். யாரும் சும்மா இருப்பதாகப் பதிவாகாது.

புது ஹெல்பர்கள் முதலில் தடுமாறத்தானே செய்வார்கள்? அதற்காக ஒரு மாத எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியா?

சரியில்லை. மாத மொத்தம் பழகும் வேகத்தை மறைத்துவிடும். அதே 1,080 மணி நேரத்தை வாரம் 25 பேனல் வீதம் பிரித்துப் பார்க்கிறேன். முதல் வாரம் 290, இரண்டாவது 275, மூன்றாவது 262.5, நாலாவது 252.5 மணி நேரம். நியமம் வாரத்துக்கு 250. விளைவு மாறுபாடு முறையே 6,400, 4,000, 2,000, 400, எல்லாமே பாதகம்.

ஆட்களின் விகிதம் நான்கு வாரமும் ஒரே மாதிரி இருந்ததாக வைத்தால், முதல் வாரத்தில் கலவை தந்த சாதகம் சுமார் 4,500 தான். விளைவு அதைத் தின்று 1,900 அளவு நட்டத்தில் நிறுத்தியது. நாலாவது வாரத்திலோ கலவை 3,900-க்கு மேல் சாதகம், விளைவு வெறும் 400 பாதகம், 3,500 மிச்சம். மாதக் கடைசியில் "4,000 சாதகம்" என்று ஒரே வரியாகப் படிப்பவருக்கு இது எதுவும் தெரியாது. முதல் வாரத்தோடு அவசரப்பட்டு பழைய கலவைக்குத் திரும்பியிருந்தால், பழக்கச் செலவைக் கொடுத்துவிட்டுப் பலனை விட்டிருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஹெல்பர்கள் மாதாமாதம் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு மாதமும் முதல் வாரம்தான். அந்த ஆலையில் இந்தக் கலவையை நம்பக் கூடாது.

மின்தடையில் ஆட்கள் சும்மா இருந்த நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா?

சேர்க்கக் கூடாது, முதலிலேயே எடுத்துவிட வேண்டும். தேர்வில் அதிகம் மதிப்பெண் பறிபோவது இங்கேதான்.

மேலே உள்ள வேலை நேரத்தோடு, மின்தடையால் வயர்மேன் 20, ஹெல்பர் 20 மணி நேரம் சும்மா இருந்து கூலி வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீத மாறுபாட்டைக் கூலி கொடுத்த முழு நேரத்துக்கும் போடுங்கள். வேலையற்ற நேர மாறுபாடு நியம வீதத்தில் 4,000-ம் 2,000-ம் சேர்த்து 6,000 பாதகம். கலவையும் விளைவும் வேலை செய்த 1,080-க்கு மட்டும்.

அப்படிப் பிரிக்காமல் 1,120-ஐ அப்படியே போட்டால் விளைவு 19,200 பாதகம், கலவை 17,200 சாதகம் என்று வரும். நிகரம் அதேதான், ஆனால் மின்தடைக்கான 6,000-மும் குழுவின் தலையில் விளைவுக் குறைவாக ஏறிவிடும். கலவையும் காரணமில்லாமல் 400 நகர்ந்துவிடும்.

கலவைக்கும் விளைவுக்கும் உண்மையில் கொடுத்த கூலி வீதத்தைப் போட்டால் என்ன?

கூலி உயர்வின் பாதிப்பு இரண்டு இடத்தில் வந்துவிடும். அதை வீத மாறுபாடு ஏற்கெனவே பிடித்துவிட்டது. இங்கே எப்போதும் நியம வீதம்தான்.

அறிக்கையில் நிகரம் சாதகம், ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது. கணக்கு பொய்யா?

கணக்கு பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டது. ஆலையைவிட்டு வெளியே போகும்போது சோதனையில் தேறிய பேனல் நல்ல பேனல் என்றே எண்ணப்படும். தளர்ந்த கிரிம்ப் அன்றைக்குத் தொடர்ச்சி காட்டும். சில வாரம் சுமை ஏறி இறங்கிச் சூடானபின்தான் கருகும்.

நூற்றில் ஆறு பேனல் திரும்புகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர்மேன் ஐந்து மணி நேரம் செலவழிக்கிறார் என்று வையுங்கள். 30 மணி நேரம், 6,000. இது அடுத்த மாதத்தில், உத்தரவாதச் செலவு என்ற வேறொரு கணக்கில் விழும். நம் 4,000 சாதகம் உண்மையில் 2,000 நட்டம். போய்வரும் செலவு தனி.

செய்ய வேண்டியது, திரும்பி வரும் ஒவ்வொரு பேனலுக்கும் அது கட்டப்பட்ட வாரத்தைக் குறிப்பது. ஆறும் முதல் இரண்டு வாரத்தில் கட்டியவை என்றால் அது பழகாத கையின் விலை, குறையும். நான்கு வாரத்திலும் பரவிக் கிடந்தால், கைமாறக் கூடாத வேலை கைமாறியிருக்கிறது. எந்தச் சூத்திரமும் இதைக் காட்டாது.

எங்களுக்கு வயர்மேன் கிடைப்பதே இல்லை. வேறு வழியில்லாமல்தான் ஹெல்பரை வைத்தோம். அதற்கும் விளைவு பாதகம் என்று திட்டு வாங்க வேண்டுமா?

உங்கள் நிலையில் இந்த இரண்டு எண்களுமே தவறான விலையில் கணக்கிடப்படுகின்றன என்பேன். சந்தையில் எவ்வளவு வேண்டுமானாலும் வயர்மேன் கிடைப்பார், ஒரு மணிக்கு 200 கொடுத்தால் போதும் என்று நியமம் நினைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்ததோ 480 மணி நேரம், அவ்வளவுதான்.

480 மணி நேரத்தை வைத்து நியமக் கலவையில் கட்டியிருந்தால் பேனலுக்கு 6 வீதம் 80 தான் முடிந்திருக்கும். ஹெல்பரைக் கூட்டியதால் 100 முடிந்தது. உற்பத்தியோடு கூடிக் குறையும் எல்லா நியமச் செலவும் போக ஒரு பேனலில் 900 பங்களிப்பு நிற்கிறது என்றால், கூடுதல் 20 பேனலால் 18,000. இந்த எண் கூலி அறிக்கையில் எங்கும் வராது. விற்பனை அளவு மாறுபாட்டில் விற்பனைத் துறையின் சாதனையாக உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: அந்த 20 பேனலுக்கு ஆர்டர் இருந்திருக்க வேண்டும். கிடங்கில் கிடந்தால் 18,000 வெறும் காகிதம்.

பற்றாக்குறை நீண்ட நாள் நிலைமை என்றால் நியமக் கலவையையே திருத்தச் சொல்லுங்கள். பழைய நியமத்துக்கும் திருத்திய நியமத்துக்கும் உள்ள இடைவெளி திட்டமிடல் மாறுபாடு. அது மேற்பார்வையாளரின் கணக்கில் வராது. திருத்திய நியமத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளிக்கு மட்டும் அவர் பதில் சொன்னால் போதும். ஆனால் இந்தத் திருத்தத்தை மாதக் கடைசியில், முடிவைப் பார்த்தபின் செய்ய அனுமதித்தால் எல்லா நட்டமும் "திட்டமிடல்" ஆகிவிடும். தேதி போட்டு முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள்.

எந்தக் குழுவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது?

ஒருவர் இடத்தில் மற்றவர் நிற்க முடியாத குழு எதற்கும். கிரேன் இயக்குபவர் நேரம் குறைந்து, கீழே நின்று கொக்கி மாட்டுபவர் நேரம் கூடினால் அது கலவை மாற்றம் அல்ல. அங்கே கலவை மாறுபாடு ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும்தான், ஆனால் யாரும் எடுக்காத முடிவுக்கு விலை போட்டதாகும். ஒவ்வொரு தரத்துக்கும் திறன் மாறுபாட்டைத் தனித்தனியாகப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் இத்தனை உரிமம் பெற்றவர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கும் வேலையில், அந்த அளவுக்கு மேலே உள்ள நேரம் மட்டும்தான் மாற்றத்தக்கது.

மூன்று, நான்கு தரம் இருந்தால்? எக்செல்லில் எப்படிப் போடுவது?

முறை அதேதான். "இடம் மாறிய நேரம் பெருக்கல் வீத வித்தியாசம்" என்ற குறுக்குவழி மட்டும் இரண்டு தரத்தோடு முடிந்துவிடும்; யார் நேரம் யாரிடம் போனது என்று சொல்ல முடியாது. B நிரலில் உண்மை உற்பத்திக்கான நியம நேரம், C-யில் நியம வீதம், D-யில் வேலை செய்த உண்மை நேரம். முதல் வரி கலவை, இரண்டாவது விளைவு, மூன்றாவது சரிபார்க்கும் திறன் மாறுபாடு:

```
=SUMPRODUCT(SUM(D2:D3)*B2:B3/SUM(B2:B3)-D2:D3, C2:C3)
=(SUM(B2:B3)-SUM(D2:D3))*SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(B2:B3)
=SUMPRODUCT(B2:B3-D2:D3, C2:C3)
```

நேர்ம எண் வந்தால் சாதகம். தரம் கூடினால் 3 என்ற வரிசை எண்ணை நீட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டின் கூட்டல் மூன்றாவதோடு ஒட்டவில்லை என்றால், பெரும்பாலும் B நிரலில் 100 பேனலுக்குப் பதிலாகப் பட்ஜெட் போட்ட எண்ணிக்கைக்கான நேரத்தை ஏதோ ஒரு சூத்திரம் தனியாக எடுத்துக்கொண்டிருக்கும். மூன்றும் ஒட்டியும் எண்கள் நம்பும்படி இல்லையென்றால், B நிரல் முழுவதுமே பட்ஜெட் நேரமா என்று பாருங்கள்.